கிழிக்கக் கூடாத பில்

மாதுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் நடத்தும் மெஸ்களும் லாட்ஜுகளும் மும்பைக்கு வேலை தேடி வந்த தமிழனுக்குத் தாய்வீடு போன்றவை. அங்கே கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறவர் நம்மவர். அந்தப் பில்லை ஆபீசில் கொடுத்துப் பயணப்படி வாங்க வேண்டிய குமாஸ்தாவும் நம்மவர். இவ்விருவருக்கும் இடையே கைமாறுகிற அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி இன்று சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அதில் வரி என்று எழுதப்படும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து போவது. அது சரியான வரியா, அரசாங்கத்துக்குப் போய்ச் சேருமா என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி அந்தக் காகிதம் ஒன்றுதான்.

லாட்ஜ் அறை வாடகை மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் மாறிவிட்டது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாங்கும் அறைக்கு அதுவரை 12 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. படுக்கை விரிப்புக்கும் சோப்புக்கும் ரிப்பேருக்கும் லாட்ஜ்காரர் தாம் கட்டிய வரியை இனி அவர் தமது வரியில் கழித்துக்கொள்ள முடியாது. இதனால் தமக்குக் கை கடிக்கிறது என்று ஒரு முதலாளி வாடகையைக் கூட்டினால் அது அவர் வியாபாரம். ஆனால் பழைய பில் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக 12 சதவீதம் போட்டு வாங்குவது வியாபாரம் ஆகாது. மெஸ் சாப்பாட்டுக்கு 2017 நவம்பர் 15 முதலே 5 சதவீதம்தான். ஒரே கட்டடத்தில் உள்ள ஹோட்டலில் ஏதேனும் ஓர் அறைக்குச் சென்ற நிதியாண்டில் நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தால் அங்குள்ள சாப்பாட்டுக்கு 18 சதவீதம் வரும். நம்மவர் தங்கும் இடங்களில் அந்த நிலை எழுவது அரிது.

ஆகவே நம் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டிய விகிதம் பெரும்பாலும் ஒன்றே. அறைக்கும் 5, சாப்பாட்டுக்கும் 5. ஆனால் அந்த ஐந்தை வாங்கும் உரிமை எல்லா மெஸ்களுக்கும் இல்லை. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

மெஸ்காரர்கள் சட்டப்படி மூன்று வகை. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாதவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அவர் கொடுப்பது வெறும் ரசீது. இரண்டாவது வகையினர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள். ஆண்டு வரவு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ள மெஸ்கள் இதில் சேரலாம். இவர்கள் மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். சாப்பிட வருகிறவரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. தங்கள் பில்லின் தலைப்பில், தாங்கள் காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்க உரிமை இல்லாதவர் என்று அச்சடித்திருக்க வேண்டும். கடைப் பலகையிலும் காம்போசிஷன் வரிதாரர் என்று கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது வகை, சாதாரணப் பதிவு உள்ளவர்கள். வரியைத் தனி வரியில் காட்டி வாங்க உரிமை உள்ளவர்கள் இவர்கள் மட்டுமே. இவர்கள் கொடுப்பதுதான் வரி பில்.

சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பவருக்கு இதை எப்படித் தெரிந்துகொள்வது? பில்லில் 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டு இலக்கமும் மாநிலத்தைக் குறிப்பவை. மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. மும்பையில் உள்ள மெஸ்ஸின் பில்லில் 33 என்று தொடங்கும் எண் இருந்தால் அது இந்தக் கடையின் எண் அல்ல. பதிவு எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எண் இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் கைபேசியில் gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் அந்த எண்ணை அடித்துப் பார்க்கலாம். கடையின் பெயரும், Taxpayer Type என்ற இடத்தில் Regular அல்லது Composition என்பதும் வரும். Composition என்று வந்தால் பில்லில் உள்ள வரி தவறு. இதற்குக் காசு செலவில்லை, யாரிடமும் சண்டைக்கும் போக வேண்டியதில்லை.

இனி பில் போடும் தம்பிமார்களுக்கு வருவோம். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். திருச்சிக் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா வேலை நிமித்தம் மும்பைக்கு வந்து, சாதாரணப் பதிவு உள்ள நம்மவர் லாட்ஜில் இரண்டு இரவு தங்குகிறார். அறை வாடகை நாளொன்றுக்கு 1,600 ரூபாய். கீழேயுள்ள அதே முதலாளியின் மெஸ்ஸில் முதல் நாள் 310 ரூபாய்க்கும் மறுநாள் 330 ரூபாய்க்கும் சாப்பிட்டு, அறைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.

அறைக்கு 3,200 ரூபாய், வரி 160. சாப்பாட்டுக்கு 640 ரூபாய், வரி 32. ஆக மொத்தம் 4,032 ரூபாய். வரியைப் பாதிப் பாதியாக, மத்திய ஜி.எஸ்.டி. 96, மாநில ஜி.எஸ்.டி. 96 என்று பிரித்துக் காட்ட வேண்டும். பழைய 12 சதவீதப்படி போட்டிருந்தால் அறைக்கு மட்டும் 384 ரூபாய் வரி ஆகியிருக்கும். அதாவது 224 ரூபாய் அதிகம். ஒரு மெஸ் சிப்பந்தியோ குமாஸ்தாவோ அலட்சியமாக விட்டுவிடக்கூடிய தொகை அல்ல அது.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவதுண்டு. தங்கியவர் தமிழ்நாட்டுக்காரர், அவர் கம்பெனியும் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆகவே வெளிமாநில வரியான ஐ.ஜி.எஸ்.டி. அல்லவா போட வேண்டும் என்று கம்பெனிக் கணக்கரே கேட்பார். கூடாது. அறை வாடகைக்குக் கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்தான் கணக்கு. சாப்பாட்டுக்கு அது பரிமாறப்பட்ட இடம் கணக்கு. தங்குகிறவர் எந்த மாநிலத்தவரானாலும் மும்பை லாட்ஜில் மத்திய வரியும் மகாராஷ்டிர வரியும்தான். வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த ஐ.ஜி.எஸ்.டி. என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் அந்தப் பில் தவறாகிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை வரி விழுவது. மெஸ்ஸில் அன்றன்றே பில் போட்டிருந்தால் முதல் நாள் 325.50, மறுநாள் 346.50, ஆக 672 ரூபாய் பாக்கி நிற்கும். இதில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. லாட்ஜ் குமாஸ்தா இந்த 672-ஐ அறை வாடகை 3,200-உடன் கூட்டி, 3,872-க்கு 5 சதவீதம் என்று 193.60 போட்டால் மொத்தம் 4,065.60 ஆகிவிடும். 33.60 ரூபாய் அநியாயமாக ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் பில்லிலும் இது நடக்கும், ஏனெனில் மெஸ் பாக்கியை அறைக் கணக்கில் ஒரு செலவாக ஏற்றினால் அது தானாகவே வரியைப் போட்டுவிடும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, மெஸ்ஸில் வரி பில் போட்டு, லாட்ஜ் பில்லின் கடைசியில் மெஸ் பில் நம்பர்களைக் குறித்து, வரி போட்ட மொத்தத்துக்குக் கீழே 672 ரூபாயை வெறும் பாக்கியாக எடுத்து எழுதுவது. மற்றது, மெஸ்ஸில் பில் போடாமல் சர்வர் எழுதும் ஆர்டர் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, காலி செய்யும்போது லாட்ஜ் பில்லில் அறை ஒரு வரி, சாப்பாடு ஒரு வரி என்று எழுதி இரண்டுக்கும் வரி போடுவது. எந்த வழியில் போட்டாலும் 4,032 தான் வர வேண்டும். இரண்டு வழியையும் ஒரே இடத்தில் கலந்தால்தான் விபரீதம். எந்த வழி என்பதை முதலாளி தீர்மானித்து, கல்லாவில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

மாதக் கணக்கில் தங்குகிற தொழிலாளர்களுக்கு இன்னொரு செய்தி. தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகையில் தொடர்ந்து 90 நாட்களாவது ஒரே இடத்தில் தங்கினால், 2024 ஜூலை 15 முதல் அந்த வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் ஹாஸ்டலில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கத் தொடங்கிய தேதி ரசீதில் இருந்தால்தான் 90 நாளை நிரூபிக்க முடியும். ஆகவே மாதா மாதம் தேதியிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.

இப்போது நம் தலைப்புக்கு வருவோம். பில்லில் இருக்க வேண்டியவற்றுள் எதுவும் சில்லறை விஷயமல்ல. கடையின் பெயர், விலாசம், பதிவு எண், தேதி, என்ன கொடுத்தோம் என்பது, வரிக்கு முந்திய தொகை, வரி விகிதம், இரண்டு வரித் தொகைகள், கையொப்பம், எல்லாம் வேண்டும். வாடிக்கையாளர் பதிவு உள்ள கம்பெனியானால் அதன் பெயரும் விலாசமும் எண்ணும் வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் காவல்காரன் ஒன்று உண்டு. அதுதான் பில் நம்பர். அது ஒரு நிதியாண்டுக்குள் விட்டுப்போகாமல், திரும்ப வராமல் ஓட வேண்டும். 16 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது. மெஸ்ஸுக்கு ஒரு வரிசை, லாட்ஜுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஒவ்வொரு வரிசையும் தனக்குள் தொடர்ச்சியாக இருந்தால் போதும்.

ரயில்வேயில் அட்டை டிக்கெட் இருந்த காலத்தில் புக்கிங் குமாஸ்தா டியூட்டி முடிக்கும்போது தொடக்க நம்பரையும் முடிவு நம்பரையும் எழுதி வித்தியாசத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஒரு டிக்கெட் குறைந்தால் அதன் விலை அவர் தலையில் விழும். மெஸ் கல்லாவுக்கும் அதே முறைதான் பொருந்தும். ஒரு நாள் பில் 412-இல் தொடங்கி 486-இல் முடிந்தால் 75 பில்கள். அவற்றுள் இரண்டு ரத்தானால் நின்றவை 73. அந்த 73 பில்களின் கூட்டுத் தொகை 14,280 ரூபாய் என்றால், ரொக்கம் 5,460, யு.பி.ஐ. 7,815, அறைக் கணக்கில் ஏற்றியது 1,005 என்று அதே 14,280-க்குக் கணக்குக் காட்ட வேண்டும். சர்வரின் ஆர்டர் சீட்டுகளும் 73 பில்களுக்குள் அடங்க வேண்டும். பில்லில்லாத சீட்டு ஒன்று நின்றால், சாப்பாடு போயிருக்கிறது, பணம் எங்கே என்று அன்றைக்கே கேட்டுவிடலாம். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இராது.

200 ரூபாய்க்குக் குறைந்த சாப்பாட்டுக்கு, சாப்பிடுகிறவர் கேட்காவிட்டால் தனித்தனிப் பில் போட வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது. அந்தச் சில்லறை வியாபாரம் முழுவதற்கும் இரவு கடை அடைக்கும்போது ஒரு மொத்தப் பில் போட்டு, அதற்கும் வரிசையில் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். கேட்டவருக்கு மட்டும் எவ்வளவு சிறிய தொகையானாலும் பில் கொடுத்தே ஆக வேண்டும். 90 ரூபாய்ச் சாப்பாட்டுக்குப் பில்லா என்று முகம் சுளிப்பது சரியல்ல.

ரத்தான பில்லை என்ன செய்வது? கிழிக்கவே கூடாது. சேவைக்கான பில்லுக்கு இரண்டு பிரதி. அசல் வாடிக்கையாளருக்கு, நகல் கடைக்கு. தவறாகிவிட்டால் இரண்டையும் சேர்த்துப் புத்தகத்திலேயே ஒட்டி, குறுக்கே ரத்து என்று எழுதி, காரணமும் அதற்குப் பதிலாகப் போட்ட பில்லின் நம்பரும் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் அசலைக் கொண்டுபோய்விட்ட பிறகு அதிகம் வாங்கியது தெரிந்தால் பழைய பில்லைத் திருத்தக் கூடாது. அந்தப் பில் நம்பரைக் குறித்துக் கிரெடிட் நோட்டு ஒன்று போட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும். அரசாங்கத்துக்குக் கொடுக்கும் GSTR-1 கணக்கில் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை பில் போட்டோம், எத்தனை ரத்து, எத்தனை நின்றது என்று எழுதவே ஓர் இடம் இருக்கிறது. கிழித்த பில் அங்கே ஓட்டையாகத் தெரியும்.

ஓட்டை வேறு வழியாகவும் வெளிவரும். பெங்களூரில் 2025 ஜூலையில் யு.பி.ஐ. வழியாக வந்த பணத்தைப் பார்த்தே கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பில் புத்தகத்தை வேண்டுமானால் ஒளிக்கலாம். பாங்க் கணக்கை ஒளிக்க முடியாது. இரண்டும் ஒத்துப்போகாத கடையில் முதலில் கூப்பிட்டு விசாரிக்கப்படுபவர் யார்? பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட அந்தத் தம்பிதான். பில் கொடுக்காமல் வியாபாரம் செய்தால் மத்தியச் சட்டத்தில் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இவற்றில் எது அதிகமோ அது அபராதம். மாநிலச் சட்டத்திலும் அப்படியே. வரி என்று வாங்கிய பணத்தை, வாங்க உரிமையில்லாதவரே வாங்கியிருந்தாலும், அரசாங்கத்துக்குக் கட்டியே தீர வேண்டும். அபராதம் முதலாளி பேரில் விழும், ஆனால் வேலை போவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பில் புத்தகங்களை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதிலும் தவறான எண்ணம் இருக்கிறது. ஆண்டு முடிந்ததும் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்கைக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26 நிதியாண்டின் கணக்குக்குக் கடைசித் தேதி 2026 டிசம்பர் 31. அதிலிருந்து ஆறு ஆண்டு என்றால் 2032 டிசம்பர் 31 வரை. வழக்கு நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும். சூட்டில் எழுத்துத் தோன்றும் அந்தச் சுருள் காகிதப் பில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் உள்ள நகலை வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்த வேண்டும். பயணப்படி கேட்கும் குமாஸ்தா அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். மெஸ், லாட்ஜ் முதலாளிகள் தாங்கள் மூன்று வகையில் எந்த வகை என்பதைத் தமிழிலும் எழுதிக் கல்லாவின் மேல் தொங்கவிடட்டும். காம்போசிஷன் கடையில் 5 சதவீதம் வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். இரண்டு பில் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லும் முதலாளியிடம், என் கையெழுத்து ஒரு புத்தகத்தில்தான் இருக்கும் என்று சொல்லும் உரிமை பில் போடுகிறவருக்கு உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டால், இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் அதைத் தங்கள் விஷயமாக எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும். சாப்பிடுகிறவரும் பணம் கொடுக்குமுன் பதிவு எண்ணையும் பில் நம்பரையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், பில்லைக் கிழிக்க நீளும் கை தானே தயங்கும்.